இது எங்கள் அம்மிச்சி இல்லையே: நினைவுப்படத்தை ஓவியமாக்கும்போது எங்கே பிசகுகிறது

கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும். பேச்சும் பேரமும் துக்கமும் தமிழில் நடக்கும். வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, யாராவது ஒரு பேரன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு கடைக்கு வருவான். பதினாறாம் நாள் காரியத்துக்குள், ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் வீட்டுக் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். கையில் இருக்கும் போட்டோ சுமார். பின்னால் குழாயடி தெரிகிறது, பக்கத்தில் வேறொருவரின் கை தெரிகிறது. "எண்ணெய் ஓவியம் மாதிரி ஆக்கிவிடுங்கள் அண்ணா" என்பான்.

ஆக்குவது ஒரு பொத்தான் வேலை. அதற்குப் பிறகுதான் சிரமம். படத்தைப் பார்த்த மகள், "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்..." என்று இழுப்பாள். அந்த "ஆனால்" என்பதற்குப் பின்னால் வரும் சொற்களைக் கவனமாகக் கேட்டால் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வீட்டார் சொல்லும் குறையை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே கீழே வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் நான் சரிசெய்யும் விதத்தையும் எழுதுகிறேன். போட்டோஷாப்பில் செய்கிற வேலை இது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இதே வரிசை பொருந்தும். அங்கே ஓவிய விளைவுக்கு `Oilify` என்று பெயர்.

எடுத்துக்காட்டாக ஒரே படத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். வேலந்தாவளம் பக்கத்து அம்மிச்சி ஒருவர், எண்பத்தொரு வயது. பேரன் மூன்று போட்டோக்கள் கொண்டுவந்தான். ஒன்று கல்யாண வீட்டுக் குழுப் படம். நல்ல கேமரா, ஆனால் இரண்டாம் வரிசையில் நிற்கும் அம்மிச்சியின் முகம் 260 பிக்சல் அகலம்தான். இரண்டாவது, அடையாள அட்டைக்கு எடுத்தது. பளிச்சென்ற வெளிச்சத்தில் மிரண்டு பார்க்கிறார். மூன்றாவது, திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கும்போது கைப்பேசியில் யாரோ எடுத்தது. வாட்ஸ்அப்பில் பலமுறை சுற்றி இளைத்துப்போன படம், முகம் 420 பிக்சல். மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டேன். முகத்தில் அவர் இருந்தார்.

"யாரோ மாதிரி இருக்கிறது"

கேட்கிற குறைகளில் இதுதான் பெரிது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் காரணம், படம் என்னிடம் வருவதற்கு முன்பே நடந்திருக்கும். பேரன் ஏதாவது ஒரு ஆப்பில் போட்டு முகத்தைத் "தெளிவாக்கி" வைத்திருப்பான். மங்கலான படத்தில் இல்லாத நுணுக்கத்தை அந்த ஆப் எங்கிருந்து கொண்டுவரும்? தான் பழகிய ஆயிரக்கணக்கான மற்ற முகங்களிலிருந்துதான். அதனால் இமைமுடி தெளிவாக இருக்கும், அது அம்மிச்சியின் இமைமுடியாக இருக்காது. கண்டுபிடிப்பது எளிது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்பது வயதில் எந்த மனிதருக்கும் இரண்டு இமையும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இந்த அம்மிச்சி வலக் கன்னத்தில் வெற்றிலை அதக்கும் பழக்கம் உள்ளவர். அந்தக் கன்னம் சற்றே புடைத்து, அந்தப் பக்க உதட்டோரம் ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும். பேரன் முதலில் அனுப்பிய "தெளிவான" படத்தில் இரண்டு கன்னமும் சமமாக இருந்தன. அதைச் சரிசெய்ய வழியே இல்லை. தெளிவாக்காத மூலப்படத்தைக் கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி. அதையும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது அது மறுபடியும் சுருங்காது.

இரண்டாவது காரணம் நம் கையில் இருக்கிறது. `Oil Paint` என்ற ஃபில்டர், படத்தில் கோடுகள் ஓடும் திசையைக் கண்டுபிடித்து அதன் வழியே தூரிகையை இழுக்கிறது. மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பு ஒரு கோடு. உதட்டோரம் இன்னொரு கோடு. தூரிகையின் அளவு பெரிதாக இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இழுப்பாகிவிடும். உடனே வாய் கீழே இறங்கியது போல், மனத்தாங்கலோடு இருப்பது போல் தோன்றும். மேலிமையின் மடிப்பு இமைமுடியோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் வந்துவிடும். யாரும் முகபாவத்தைத் தொடவில்லை, ஆனால் முகபாவம் மாறிவிட்டது.

சரிசெய்யும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் படத்தை அச்சிடும் அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும், அதன் பிறகுதான் ஃபில்டர். தூரிகையின் அளவு பிக்சல் கணக்கில் இருப்பதால், சிறிய படத்தில் ஃபில்டர் போட்டுப் பிறகு பெரிதாக்கினால் இழுப்புகளும் சேர்ந்து கயிறு கயிறாகப் பெரிதாகும். 12க்கு 18 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 200 பிக்சல் என்ற கணக்கில் 2400க்கு 3600 போதும். ஓவியப் பாணிக்கு 300 தேவையில்லை. அம்மிச்சியின் முகத்தை அச்சில் நான்கு அங்குல அகலத்துக்கு வைத்தேன். அதாவது 800 பிக்சல். 420ஐ ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கினால் சரியாகிவிடும். பேரன் கேட்டபடி முகத்தை மட்டும் பெரிதாக, ஆறு அங்குலத்துக்கு வைத்திருந்தால் மூன்று மடங்கு ஏற்ற வேண்டியிருக்கும். இந்தப் படம் அதைத் தாங்காது. அதனால் மடியிலிருக்கும் கடலை முறம்வரை தெரியும்படி வைத்தேன்.

பிறகு அடுக்கை `Convert for Smart Filters` கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ஃபில்டரின் அளவுகளைப் பின்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். முகத்துக்கு நான் வைத்தது இவ்வளவுதான்:

```
Stylization     2.0
Cleanliness     3.0
Scale           0.3
Bristle Detail  1.0
Lighting        off
```

கடைசி வரி முக்கியமானது. `Lighting` போட்டால் ஒவ்வொரு இழுப்பும் பளபளவென்று மேடு கட்டி நிற்கும். புடவைக்கு அது அழகு; முகத்தில் வியர்வையாகத் தெரியும். இவ்வளவு மெதுவாகப் போட்ட ஃபில்டரைக்கூட முகத்தில் முழுதாக விடுவதில்லை, அடுக்கின் அடர்த்தியை 30 சதவீதத்துக்கு இறக்கிவிடுவேன். இரண்டு கண்களையும் வாயையும் மென்மையான தூரிகையால் மாஸ்க்கில் அழித்து, அங்கே 10 சதவீதம் மட்டும் நிற்கும்படி செய்வேன். அடையாளம் முழுவதும் அந்தச் சின்ன முக்கோணத்துக்குள்தான் இருக்கிறது.

சோதிக்கும் விதம்: ஓவிய அடுக்கை மறைத்தும் காட்டியும் பாருங்கள். மறைக்கும்போதும் காட்டும்போதும் நிறமும் தொடுகையும் மட்டும் மாற வேண்டும். உதட்டோரமோ இமையோ குதித்தால் அந்த இடத்தில் இன்னும் அழிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

"முறைத்துப் பார்க்கிறார்"

வயதானவர்களின் கருவிழியைச் சுற்றி வெளிறிய சாம்பல் வளையம் ஒன்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். நோய் இல்லை, வயதோடு வருவது. ஃபில்டருக்கு அது வளையம் என்று தெரியாது. பக்கத்திலிருக்கும் வெள்ளை விழியோடு சேர்த்துவிடும். அதனால் கருவிழி சுருங்கி, சுற்றிலும் வெள்ளை கூடி, திடுக்கிட்டது போலவோ கோபப்பட்டது போலவோ ஆகிவிடும். அம்மிச்சிக்கு நடந்தது இதுதான். மகள் முதல் பிரதியைப் பார்த்துவிட்டு, "எதற்கு இப்படி முறைக்கிறார்கள்?" என்று கேட்டார்.

இதற்குக் கருவிழியைக் கறுப்பாகப் பெரிதாக்கி வரைய வேண்டாம். அது பொம்மைக் கண்ணாகிவிடும். மூலப்படத்தின் கண் பகுதியை அப்படியே மேலே கொண்டுவந்து, வளையத்தின் வெளிவிளிம்பை மட்டும் சிறிய தூரிகையால் மிக மெலிதாகக் கருக்கினால் போதும். 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் அம்மிச்சியின் இடக் கண்ணில் அந்த வளையம் முழு வட்டமாக இல்லை. மேலும் கீழும் பிறைபோல இரண்டு துண்டுகள், நடுவில் பழுப்பு. அந்தப் பழுப்பு இடைவெளியை விட்டுவைத்ததும் பார்வை திரும்பிவந்தது.

கண்ணில் இருக்கும் வெளிச்சப் புள்ளியும் ஃபில்டரில் கரைந்துபோகும். அது போனால் பார்வை செத்துவிடும். திரும்ப வைக்கும்போது எங்கே இருந்ததோ அங்கேயே வையுங்கள். திண்ணையில் வெளிச்சம் வாசல் பக்கத்திலிருந்து வரும். இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்க வேண்டும். தூய வெள்ளையாக வேண்டாம், சற்று மங்கலாக. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு விழிக்குள் வைத்த செயற்கை வில்லை சில படங்களில் தனியாக மினுங்கும். அதை அழித்துவிடலாம், வீட்டார் ஒருபோதும் அதைத் தேடியதில்லை.

"சிரிப்பு ஒட்டவைத்தது போல் இருக்கிறது"

இந்தக் குறை தானாக வருவதில்லை. யாரோ கேட்டு, நாம் செய்து கொடுத்ததால் வருகிறது. மூத்த மகன், "அம்மா கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தால் நன்றாக இருக்கும்" என்றார். நானும் `Liquify` எடுத்து இரண்டு உதட்டோரங்களையும் நான்கைந்து பிக்சல் மேலே தூக்கினேன். தங்கை பார்த்துவிட்டுச் சொன்னது: "அம்மா யாரையோ கேலி செய்கிற மாதிரி இருக்கிறது அண்ணா."

அவர் சொன்னதுதான் சரி. மனதாரச் சிரிக்கும்போது கன்னம் மேலேறி, கீழிமை சற்று ஒடுங்கி, கண்ணோரம் சுருங்கும். வாய் மட்டும் மேலேறி கண் சும்மா இருந்தால் அது நையாண்டியாகவோ விருந்தாளிக்குக் காட்டும் சிரிப்பாகவோ ஆகிவிடும். கன்னத்தையும் இமையையும் சேர்த்து நகர்த்தப் போனால் பிறகு மடிப்புகள், நிழல்கள் என்று எல்லாவற்றையும் வரைய வேண்டும். வரைந்து முடித்தால் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

அதனால் என் வழக்கம் இது: இல்லாத சிரிப்பை வைப்பதில்லை. ஃபில்டர் இறக்கிவிட்ட உதட்டோரத்தை மூலத்தில் இருந்த உயரத்துக்குக் கொண்டுவருவேன், அதற்கு மேல் ஒரு பிக்சலும் கிடையாது. சிரித்த முகம்தான் வேண்டுமென்றால் சிரித்த போட்டோ தேட வேண்டும். சொந்தபந்தங்களின் கைப்பேசிகளில் தேடினால் ஒன்று அகப்படும். பிறந்த நாள் வீடியோ ஒன்றிலிருந்துகூட ஒரு சட்டகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மூத்த மகனிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அம்மா கடலை உரிக்கும்போது சிரிக்கமாட்டார்கள்தான்" என்றார்.

"இவ்வளவு சிவப்பாகவா இருந்தார்?"

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் மகிழ்வார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். மகிழ்ந்தாலும் பிழை பிழைதான். வடிவமைப்பாளர்கள் பலர் படத்தைத் திறந்ததும் தானியங்கி நிறத் திருத்தத்தை அழுத்திவிடுகிறார்கள். அது படத்தின் இருட்டான இடத்தைக் கறுப்புக்கும் வெளிச்சமான இடத்தை வெள்ளைக்கும் இழுக்கும். வெயிலில் வேலை செய்து கறுத்த தோல் இந்த இழுப்பில் இரண்டு படி வெளுத்துவிடும். அதன் மேல் ஓவிய ஃபில்டர் நிழல்களைச் சமன்செய்ததும் முகம் மாவு பூசியது போலாகும்.

கண்ணை நம்பாமல் எண்ணைப் பார்ப்பது நல்லது. மூலப்படத்தில் கன்னத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தேர்ந்தெடுத்து, தனி அடுக்கில் பிரதியெடுத்து, `Blur` பட்டியலில் இருக்கும் `Average` கொடுத்தால் அந்த இடம் முழுவதும் ஒரே நிறமாகும். அந்த நிறத்தின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மிச்சியின் கன்னம் சிவப்பு 142, பச்சை 98, நீலம் 74. ஓவியமாக்கிய பிறகு அதே இடம் 171, 124, 101. வெளுத்தது எவ்வளவு என்று இப்போது பேச்சுக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. `Curves` அடுக்கு ஒன்றை முகத்துக்கு மட்டும் போட்டு, அந்த எண்களுக்குப் பக்கத்தில் வரும்வரை இறக்கினேன். சரியாக அதே எண் வர வேண்டியதில்லை. ஐந்தாறு முன்பின் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் மூலப்படத்தின் நிறமே பொய்யாக இருந்தால்? கைப்பேசிகள் மாலை வெயிலை மஞ்சளாகவும் மரநிழலைப் பச்சையாகவும் காட்டும். அதற்கு நான் வைத்திருக்கும் வழி புடவை. படத்தில் கட்டியிருக்கும் புடவை பெட்டியில் இருந்தால் கொண்டுவரச் சொல்வேன். அம்மிச்சியின் அரக்குக் கரை வைத்த பச்சைச் சுங்குடிப் புடவையை மகள் மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்தார். கடை வாசலில், வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் விரித்து, ஒரு வெள்ளைத்தாளைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். தாளை வெள்ளையாகத் திருத்தினால் புடவையின் உண்மை நிறம் வந்துவிடும். திண்ணைப் படத்தில் பச்சை நீலம் பாய்ந்திருந்தது. அதைச் சரிசெய்ததும் தோலின் நிறமும் தானாகவே கொஞ்சம் இறங்கியது. துணி துவைத்துத் துவைத்து மங்கியிருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், நிறத்தின் சாயலுக்கு அது நல்ல சாட்சி.

எங்கள் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. திண்ணையும் ஆசாரமும் சிவப்புக் காவித் தரை. வெயில் தரையில் பட்டுத் தாடைக்கடியிலும் கழுத்திலும் சிவப்பாகத் தெறிக்கும். போட்டோவில் அது உறுத்தாது. ஓவிய ஃபில்டர் பக்கத்துப் பக்கத்து நிறங்களைத் திரட்டி ஒரே இழுப்பாக்குவதால், தாடைக்கடியில் காயம் பட்டது போல ஒரு சிவப்புத் திட்டு வந்துவிடும். ஃபில்டருக்கு முன்பே அந்த இடத்தில் `Hue/Saturation` கொண்டு சிவப்பின் செறிவை 30 சதவீதம்போல் குறைத்துவிட வேண்டும். முழுதாக எடுத்துவிட்டால் கழுத்து சாம்பலாகும். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்ற உணர்வும் போய்விடும்.

"முகம் மட்டும் போட்டோ, மற்றதெல்லாம் பெயிண்டிங்"

முதல் குறையைச் சரிசெய்யப் போய் வரும் குறை இது. முகத்தில் ஓவியத்தைக் குறைத்தோம், புடவையிலும் பின்னணியிலும் முழுதாக விட்டோம். இப்போது கட்-அவுட்டில் தலையை ஒட்டியது போல நிற்கிறது.

நடுவில் ஒரு படி இல்லாததுதான் காரணம். முகத்தில் 30, புடவையில் 100 என்று வைக்காமல் இடையில் காது, கழுத்து, நெற்றியோர முடி ஆகியவற்றுக்கு 50, 60 என்று ஒரு சரிவு கொடுக்க வேண்டும். புடவைக்கு `Scale` 1.5 வைத்து 80 சதவீதம். பின்னணிக்கு 4 வைத்து முழு அடர்த்தி. அங்கே திண்ணைத் தூணும் சுவரும் நிறமாக மட்டும் தெரிந்தால் போதும். மாஸ்க்கின் விளிம்பு எங்கேயும் முகத்தின் வெளிக்கோட்டில் விழக் கூடாது. முடிக்குள்ளும் புடவைத் தலைப்புக்குள்ளும் விழட்டும். கடைசியாக, எல்லா அடுக்குகளுக்கும் மேலே ஒரு கான்வாஸ் துணிப் படத்தை `Soft Light` முறையில் 12 சதவீதம் வைத்தால் முகமும் புடவையும் ஒரே துணியில் தீட்டியது போல் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சரிவில்தான் அம்மிச்சியின் காதில் தடுக்கியது. அந்தக் காலத்துக் கனமான அணி போட்டுத் தொங்கிய காது மடல், அதில் இப்போது ஒன்றும் இல்லை. மடலின் நடுவே தெரியும் சின்ன இடைவெளியை ஃபில்டர் அடைத்துவிட்டது. 60 சதவீதத்தில் அது சதைக்கட்டி போல நின்றது. மூலத்திலிருந்து அந்த இடத்தை மட்டும் திரும்ப எடுத்தேன். மருமகள் அதைத்தான் முதலில் கவனித்தார்.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது, இருட்டாக அச்சாகியிருக்கிறது, ஏதோ தப்பு, ஆனால் சொல்லத் தெரியவில்லை

மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டங்கள் ஜேபெக் சுருக்கத்தால் வருபவை. 8க்கு 8 பிக்சல் சதுரங்களின் விளிம்பைக் கோடு என்று நினைத்து ஃபில்டர் அதன் மேலும் தூரிகை இழுக்கும். படத்தைப் பெரிதாக்குவதற்கு முன் ஒரு பிரதி அடுக்குக்கு `Median` 6 பிக்சல் கொடுத்து, அந்த அடுக்கை `Color` முறைக்கு மாற்றினால் நிறத் திட்டுகள் அடங்கும், கோடுகள் சேதமாகாது.

இருட்டு பெரும்பாலும் மானிட்டரின் குற்றம். வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து வேலை செய்தால் படத்தை நாமே இருட்டாக்கிவிடுவோம். நிறம் செத்து அச்சானால் கோப்பு `Adobe RGB`யில் போயிருக்கிறதா என்று பாருங்கள். லேப்புக்கு `sRGB` ஆக மாற்றி அனுப்புங்கள். முழுப் படத்தையும் அச்சிடுவதற்கு முன் முகத்தை மட்டும் அதே அளவில் ஒரு 4க்கு 6 தாளில் அச்சிட்டு, படம் மாட்டப்போகும் சுவரிலேயே பிடித்துப் பார்க்கச் சொல்வேன். கடையின் டியூப்லைட் ஒன்று காட்டும், அவர்கள் வீட்டு ஆசாரம் வேறொன்று காட்டும்.

"ஏதோ தப்பு" என்று மட்டும் சொன்னால் படம் இடவலம் மாறியிருக்கலாம். சில கைப்பேசிகளின் முன்கேமரா கண்ணாடி பிம்பமாகச் சேமிக்கிறது. ஆண்கள் என்றால் சட்டைப் பையைப் பாருங்கள். அது படத்தில் நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். பெண்களுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று வீட்டில் கேட்க வேண்டும்.

"இதை யார் மாற்றச் சொன்னது?"

இது கணினியில் தீராத குறை. இதைத் தவிர்க்க, வேலையைத் தொடங்கும்போதே ஒரு தாளில் மூன்று பத்தி எழுதி வீட்டாரிடம் படித்துக்காட்டுகிறேன். எடுக்கப்போவது, தொடாமல் விடப்போவது, கேட்டுச் செய்ய வேண்டியது. அம்மிச்சி படத்தில் எடுக்கப்போவது பிளாஸ்டிக் குடம், மின்வயர், யாரோ ஒருவரின் செருப்பு. தொடாமல் விடுவது தாடை மச்சம், காது மடல், நெற்றித் தழும்பு, வெற்றிலைக் கறை படிந்த உதடு. உதட்டுக் கறையை எடுக்கலாமே என்று பேரன் சொன்னான். மகள் விடவில்லை.

மூன்றாம் பத்தியில் இருந்தது பொட்டு மட்டும்தான். மூத்த மகன் அம்மாவுக்குக் குங்குமம் வைக்கச் சொன்னார். தெய்வமாகிவிட்டவர் நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவர் பக்கம். அப்பா போன பிறகு இருபது ஆண்டுகளாக அம்மா விபூதி மட்டும்தான் வைத்தார், இப்போது பொட்டு வைத்தால் அது அம்மா இல்லை என்பது தங்கையின் பக்கம். இருவரும் என் கடையில் நின்றுகொண்டு குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டார்கள். நான் அச்சகத்துக்குப் போன் செய்வது போல வெளியே வந்துவிட்டேன். இதில் ஸ்டூடியோக்காரனுக்குக் கருத்து இருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் தனியாக வந்து சொல்வதைக் கேட்டு இந்த மாதிரி மாற்றங்களைச் செய்துவிடுவதும் கூடாது. அப்படிச் செய்து ஒரு முறை சட்டத்தோடு படம் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் செய்தேன். பொட்டைத் தனி அடுக்கில் வைத்தேன். அதன் மேலும் மெலிதாக அதே ஓவிய ஃபில்டரையும் கான்வாஸையும் ஓடவிட்டேன், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் போல நிற்கும். சரியான வட்டமாக இல்லாமல், மோதிர விரலால் வைத்தது போல மேல்பக்கம் சற்று நீண்ட பொட்டு.

முடிந்த பிரதியைக் காட்டும்போது "எப்படி இருக்கிறது" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், துக்க வீட்டில் யாரும் சண்டை பிடிக்க விரும்புவதில்லை. அச்சிட்ட 4க்கு 6 தாளை வீட்டில் உள்ள சின்னக் குழந்தையிடம் கொடுத்து "யார் இது?" என்று கேட்கச் சொல்வேன். அம்மிச்சியின் கொள்ளுப்பேத்திக்கு நான்கு வயது. தாளை வாங்கியதும், "கடலை எங்கே?" என்று கேட்டாளாம். முகத்தை மட்டும் அச்சிட்டதால் முறம் வெட்டுப்பட்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் கோப்பு கோயம்புத்தூர் லேப்புக்குப் போனது. இரண்டு பிரிண்ட். மகன் வீட்டுக்குப் பொட்டோடு ஒன்று, மகள் வீட்டுக்கு விபூதியோடு ஒன்று. அளவும் சட்டமும் ஒன்றே.